1200 சதுர அடி ஸ்லாபுக்கு எத்தனை லிட்டர் க்யூரிங் காம்பவுண்ட்?

கேள்வி: 40 அடிக்கு 30 அடி ஸ்லாப் போடுகிறோம். மேற்பரப்பில் பிரஷ் கோடு இழுக்கப் போகிறோம். காம்பவுண்ட் கேனில் லிட்டருக்கு 4 முதல் 5 சதுர மீட்டர் என்று போட்டிருக்கிறது. கடைக்காரர் 20 லிட்டர் கேன் ஒன்று போதும் என்கிறார். போதுமா?

பதில்: போதாது. 1200 சதுர அடியை 10.76-ஆல் வகுத்தால் 111.5 சதுர மீட்டர். 20 லிட்டரில் இதை முடிக்க, ஒரு லிட்டரை ஏறக்குறைய 5.6 சதுர மீட்டருக்கு இழுக்க வேண்டும். கேனில் சொன்ன உச்ச அளவையே அது தாண்டிவிடுகிறது. காங்கிரீட்டின் ஈரத்தைப் பிடித்துவைக்கும் படலம் மெலிந்துபோய், ஈரம் தப்பிவிடும்.

கேனில் உள்ள இரண்டு எண்களில் பெரியது வழவழப்பான பரப்புக்கானது. பிரஷ் கோடு போட்ட தளத்தில் பள்ளமும் மேடுமாகப் பரப்பு கூடுவதால் 4-ஐயே எடுங்கள். 111.5 ÷ 4 = 27.9, அதாவது 28 லிட்டர். காற்றில் போவது, ஸ்பிரேயரில் தங்குவது எல்லாம் சேர்த்து பத்து சதவீதம் கூட்டினால் 31 லிட்டர். 20 லிட்டர் கேன் மட்டும்தான் கிடைக்குமென்றால் இரண்டு வாங்குங்கள். வாங்கும்முன் ஒன்றைப் பார்த்துவிடுங்கள்: கேனில் உள்ள அளவு ஒரு பூச்சுக்கா, மொத்தத்துக்கா? ஒரு பூச்சுக்கு என்றிருந்து, இரண்டு பூச்சு அடிக்கவும் சொல்லியிருந்தால், இந்தக் கணக்கு இரட்டிப்பாகும்.

வாங்கிய அளவு முழுவதும் தளத்தில் இறங்கியதா என்பதுதான் அடுத்த சிக்கல். கண்ணால் பார்த்து அடித்தால் ஆரம்பித்த மூலையில் தடிமனாகவும் கடைசியில் மெலிதாகவும் போகும். தளத்தை 10 அடி அகலமுள்ள நான்கு பட்டைகளாக நூல் பிடித்துப் பிரியுங்கள். ஒவ்வொன்றும் 300 சதுர அடி, அதற்கு 7 லிட்டர். மூன்றரை லிட்டரை நீளவாக்கில் அடியுங்கள். அது காய்ந்ததும் மீதி மூன்றரையைக் குறுக்கே அடியுங்கள். பட்டை முடிந்தும் ஸ்பிரேயரில் இரண்டு லிட்டர் மிச்சமிருந்தால் அங்கே மெலிதாகிவிட்டது என்று அர்த்தம். அதே பட்டையில் அதை அடித்து முடியுங்கள். வெள்ளை நிறமி கலந்த காம்பவுண்ட் என்றால் விட்ட இடம் சாம்பல் நிறத்தில் தெரிந்துவிடும். ஆனால் நிறமி அடியில் படிந்துவிடும் என்பதால், ஊற்றும் முன் கேனை நன்றாகக் கலக்க வேண்டும். அடர்த்தியாக இருக்கிறதே என்று தண்ணீர் சேர்க்கவே கூடாது. லிட்டர் கூடினாலும் படலமாகும் பொருள் அதிகமாகாது.

காங்கிரீட்டின் மேல் மினுங்கும் நீர் மறைந்த உடனே அடியுங்கள். நீர் நிற்கும்போது அடித்தால் படலம் பிடிக்காது. பரப்பு காய்ந்தபின் அடித்தால் காம்பவுண்டை காங்கிரீட் உறிஞ்சிக்கொள்ளும், அப்போது 28 லிட்டரும் பற்றாது.

இதன்மேல் டைல்ஸோ நீர்த்தடுப்புப் பூச்சோ வரப்போகிறது என்றால், இந்தப் படலம் ஒட்டுதலைக் கெடுக்கும். அந்த இடத்துக்கு ஈரச்சாக்கு போட்டுத் தண்ணீர் விடுவதே சரி.