திரையா, சீட்டா: தட்டுக் கணக்கில் பார்த்தால்

80 இருக்கைகள் உள்ள உணவகம் என்னுடையது. ஆர்டர் அச்சாகி வரும் சீட்டை நிறுத்திவிட்டுச் சமையலறையில் ஆர்டரைக் காட்டும் நான்கு திரைகள் மாட்டினால் தவறான ஆர்டர்கள் நின்றுவிடுமா?

எல்லாம் நிற்காது. பரிமாறுபவர் தவறாகப் பதிந்ததைத் திரையும் தவறாகத்தான் காட்டும். என் உணவகமும் உங்கள் அளவுதான். வாங்குவதற்கு முன் 14 நாட்கள், திரும்பி வந்த ஒவ்வொரு தட்டுக்கும் தவறு எங்கே நேர்ந்தது என்று குறித்துவைத்தேன். மொத்தம் 41 தட்டுகள். பதியும்போதே தவறியவை 19, சமையலில் தவறியவை 4. சீட்டு அச்சான பிறகு ஆர்டர் மாறி, அந்த மாற்றம் உரிய கைக்குப் போகாதவை 12. சீட்டு தொலைந்தவை 6. திரையால் தடுக்கக்கூடியவை கடைசி 18 மட்டுமே. மாதத்துக்கு ஏறக்குறைய 39.

செலவையும் தட்டிலேயே அளந்தேன். திரையின் விலையை 36 மாதங்களுக்குப் பங்கிட்டு, மென்பொருளின் மாதச் சந்தாவைக் கூட்டி, மிச்சமாகும் காகிதத்தைக் கழித்தேன். ஒரு திரைக்கு மாதம் 6 தட்டுகளை மறுபடி சமைக்கும் செலவு வந்தது; நான்கிற்கு 24. அந்த 39இல் பாதி குறைந்தாலும் நான்கு திரைகள் கட்டுப்படியாகாது. ஆகவே தட்டுகளைச் சரிபார்த்து அனுப்பும் மேசையில் மட்டும் ஒன்றை மாட்டினேன். அடுப்புகளில் சீட்டுதான். ஆர்டர் மாறினால் மேசையில் நிற்பவர் குரல் கொடுக்கிறார். அடுத்த 14 நாட்களில் அந்த 18, 7 ஆனது.

எங்கள் சீட்டுகள் கறுத்துப்போகின்றன. மலிவான காகிதம்தானே காரணம்?

பாதி சரி. அது வெப்பத்தால் எழுத்து தோன்றும் காகிதம். அடுப்பின் சூடும் அதற்கு வெப்பம்தான். நல்ல சுருள் சற்றுத் தாங்கும், அவ்வளவே. மை நாடாவில் குத்தி அச்சிடும் அச்சுப்பொறியை அடுப்பருகே வையுங்கள். கறுப்பு சிவப்பு நாடா போட்டால் ‘வெங்காயம் வேண்டாம்’ சிவப்பில் விழும். அதன் இரைச்சலைக் குறை சொல்வார்கள்; எனக்கு அதுவே அழைப்பு மணி.

எங்களுடையது பார்சல் கடை. வாடிக்கையாளர் பார்க்க எண் காட்டும் திரை போதுமா?

அது காத்திருப்பவருக்கான திரை. உள்ளே நடக்கும் தவறை அது தொடாது.

ஆறு ஆண்டுகள் திரையோடு வேலை செய்தவன் நான். உங்கள் கணக்கில் நேரம் எங்கே? அதோடு, கூட்ட நேரத்தில் தட்டு தயாராகும் முன்பே ஆர்டரை முடிந்ததாக அழுத்திவிடுகிறார்களே?

இரண்டுமே நியாயம். என்னிடமும் அப்படி அழுத்தினார்கள். அறிக்கையில் எல்லா ஆர்டரும் எட்டு நிமிடத்தில் முடிந்திருந்தது, மேசையிலோ தட்டு இல்லை. அழித்ததை மீட்கும் பொத்தானை எத்தனை முறை தொடுகிறார்கள் என்று கவனித்தால் இது தெரியும். இப்போது தட்டு மேசையை விட்டுப் போன பிறகே அழுத்த வேண்டும் என்று வைத்திருக்கிறேன். கூட்டத்தில் இன்னும் மீறுகிறார்கள். நேரத்தின் மதிப்பைத் தட்டில் அளக்க எனக்கு வழி அகப்படவில்லை. உங்களிடம் இருந்தால் எழுதுங்கள்.

இணைப்பு அறுந்தால்?

திரைக்கு வைஃபை வேண்டாம், கேபிள் இழுங்கள். பழைய அச்சுப்பொறியை விற்றுவிடாதீர்கள். மாதம் ஒருமுறை, கூட்டமில்லாத வேளையில், கேபிளை நீங்களே பிடுங்கிப் பாருங்கள். சீட்டு தானாக விழ வேண்டும். முதல் முறை எனக்கு விழவில்லை, சுருள் தீர்ந்திருந்தது.