அட்வான்ஸ் அனுப்பும் முன் பத்திரத்தைக் கேட்கலாமா?

கேள்வி: கீழக்கரையில் அடுக்குமாடியில் ஒரு வீடு பிடித்திருக்கிறது. வாடகை 9,000. உரிமையாளர் சென்னையில் வியாபாரம் செய்கிறாராம். வீட்டைக் காட்டிய அவருடைய மச்சினன், 30,000 அட்வான்ஸைத் தன் நம்பருக்கு ஜிபே பண்ணிவிடச் சொல்கிறார். பத்திரம் கேட்டால் தப்பாக நினைப்பார்களோ? – ஆசிரியை, கீழக்கரை

பதில்: கேட்கிற விதத்தில் கேட்டால் நினைக்க மாட்டார்கள். முதலில் உங்கள் அடையாள அட்டையைக் கொடுத்துவிடுங்கள். அப்புறம் இப்படிச் சொல்லுங்கள்: "அண்ணே, ஒப்பந்தம் எழுத வீட்டுக்காரர் பேரு பத்திரத்துல இருக்கிற மாதிரியே வேணும். முதல் பக்கமும் சொத்து விவரம் இருக்கிற பக்கமும் போதும். விலை போட்ட வரியை மறைச்சே அனுப்புங்க." பலர் பத்திரம் காட்டத் தயங்குவது அந்த விலைக்காகத்தான். வீட்டு வரி ரசீதையும் சேர்த்துக் கேளுங்கள். உங்களிடம் இன்னொரு காரணமும் இருக்கிறது. ஆண்டு வாடகை 1,08,000 ஆகிறது. பழைய வருமான வரி முறையில் வாடகைப்படிக்கு விலக்குக் கேட்டால், ஒரு லட்சத்தைத் தாண்டும்போது உரிமையாளரின் பான் எண்ணைத் தர வேண்டும்.

அந்த இரண்டு பக்கங்களில் சார்பதிவாளர் அலுவலகம், ஆவண எண், ஆண்டு, சர்வே எண் எல்லாம் இருக்கும். அவற்றை tnreginet.gov.in தளத்தில் போட்டால் வில்லங்க விவரத்தைக் கட்டணமில்லாமல் பார்க்கலாம். கடைசி விற்பனையில் எழுதி வாங்கியவர் யார், மாடியும் கதவு எண்ணும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பட்டாவில் வேறு பெயர் இருந்தால் பதற வேண்டாம். அடுக்குமாடியில் ஒவ்வொருவருக்கும் நிலத்தில் பிரிபடாத பாகம்தான் இருக்கும், பட்டா பல இடங்களில் பழைய நில உரிமையாளர் பெயரிலேயே கிடக்கும். வில்லங்கத்துக்கும் ஒரு எல்லை உண்டு. பதிவான ஆவணங்கள் மட்டுமே அதில் வரும். அப்பா காலமாகிப் பிள்ளைகளுக்கு வந்த வீடு என்றால் அப்பா பெயரே நிற்கும். அப்போது வாரிசு சான்றிதழைக் கேளுங்கள்.

பெயர் சரியாக இருந்தால், வீட்டில் நின்றபடியே உரிமையாளரோடு வீடியோ அழைப்பில் பேசுங்கள். சாவியை மச்சினன் தரட்டும், பணம் உரிமையாளர் கணக்குக்குத்தான் போக வேண்டும். முதலில் ஒரு ரூபாய் அனுப்பிப் பாருங்கள். திரையில் வருவது வங்கியில் பதிவான பெயர். அது பத்திரத்துப் பெயராக இல்லாவிட்டால் நிறுத்திவிடுங்கள். பழைய படகு மோட்டார் ஒன்றுக்கு நான் முன்பணம் அனுப்பியபோது திரையில் வேறு பெயர் வந்தது. "என் மச்சான் கணக்குதான்" என்றார் விற்றவர். மோட்டாரும் வரவில்லை, பணமும் வரவில்லை.

தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதாதவரை அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது. உங்களுக்கு அது 27,000. இதையும் பேசிப் பாருங்கள்.

கேள்வி: போட்டோவில் வீடு அருமை. இன்றே 5,000 டோக்கன் போடாவிட்டால் வேறு ஆளுக்குப் போய்விடுமாம். போடலாமா? – பாம்பன்

பதில்: கூடாது. நேரில் போய்ப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகிவிடும்? பார்க்காத வீட்டுக்கு ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள்.

கேள்வி: வீட்டுக்காரர் ஆதார் போட்டோ அனுப்பிவிட்டார். இனிப் பயமில்லைதானே? – இராமேஸ்வரம்

பதில்: இந்தக் கேள்வி எத்தனை முறை வந்தாலும் எனக்கு ஆற்றாமை தீரவில்லை. ஆதார் ஒருவர் யார் என்று மட்டுமே சொல்லும், வீடு யாருடையது என்று சொல்லாது. போட்டோவாக வந்த ஆதார் அதைக்கூட உறுதியாகச் சொல்லாது. பெயரையும் படத்தையும் மாற்றி ஒட்டுவது அவ்வளவு சுலபம். வேறு எங்கோ வாடகைக்கு வீடு தேடிய அப்பாவி அனுப்பிய அட்டையே உங்களிடம் வந்திருக்கலாம். அட்டையில் உள்ள கியூஆர் குறியீட்டை ஆதார் ஆணையத்தின் செயலியில் ஸ்கேன் செய்தால் உண்மையான பெயரும் படமும் வரும். அந்த முகத்தை வீடியோ அழைப்பில் வருகிற முகத்தோடும், அந்தப் பெயரைப் பத்திரத்தோடும் வைத்துப் பாருங்கள். நீங்கள் உங்கள் ஆதாரைக் கொடுக்கும்போது முதல் எட்டு இலக்கங்கள் மறைந்த பிரதியையே கொடுங்கள். அதை ஆணையத்தின் தளத்திலேயே பதிவிறக்கலாம்.

கேள்வி: நேற்று 20,000 அனுப்பினேன். இன்று போன் சுவிட்ச் ஆஃப். வீட்டுக்குப் போனால் அங்கே வேறு குடும்பம் இருக்கிறது. – உச்சிப்புளி

பதில்: உங்கள் மேல் குற்றமில்லை அம்மா, ஏமாற்றியவன்தான் குற்றவாளி. இதைப் படித்ததும் 1930க்குப் போன் செய்யுங்கள். பணம் அவன் கணக்கிலிருந்து வெளியே போகுமுன் முடக்கத்தான் இந்த எண் இருக்கிறது, ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். பரிவர்த்தனை எண், நேரம், அவன் யுபிஐ முகவரி மூன்றையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து உங்கள் வங்கியிலும் cybercrime.gov.in தளத்திலும் புகார் பதியுங்கள். வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள். "பணத்தைத் திருப்பித் தர்றேன், இந்தக் கியூஆரை ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்க" என்று யாராவது கூப்பிட்டால் போனை வைத்துவிடுங்கள். பணம் வாங்க யுபிஐ பின் நம்பர் தேவையே இல்லை.