ரத்தசோகை அட்டவணை: "எப்படி" என்றும் ஒரு கட்டம்

"பேத்தாலஜி லெக்சரை நோய், காரணம், அறிகுறி, சிகிச்சை என்று அட்டவணை போட்டேன். ரத்தசோகை வகைகள் எல்லாம் ஒரே மாதிரி தெரிகிறது."

காரணத்துக்கும் அறிகுறிக்கும் நடுவில் "எப்படி" என்று ஒரு கட்டம் சேருங்கள். சோர்வு, வெளிறல் எல்லா வரிசையிலும் வரும். எழுதி இடத்தை அடைக்க வேண்டாம். இரும்புச்சத்துக் குறைவில் சேமிப்பே காலி, அதனால் இரும்பைச் சேமிக்கும் புரதமான ஃபெரிட்டின் குறையும், ரத்தம் இரும்பைப் பிடிக்கும் மொத்தத் திறனைக் காட்டும் டிஐபிசி ஏறும். நாள்பட்ட அழற்சியில் இரும்பைக் கட்டுப்படுத்தும் ஹார்மோனான ஹெப்சிடின் கூடி இரும்பைச் செல்களுக்குள் பூட்டிவிடும். ஃபெரிட்டின் இயல்பாகவோ கூடியோ இருக்கும், டிஐபிசி இறங்கும். சீரம் இரும்பு இரண்டிலும் குறைவுதான், அதை நம்பிப் பிரிக்க முடியாது.

சிகிச்சையும் இதிலிருந்தே வரும்: முதலாவதற்கு இரும்பு மாத்திரை, கூடவே ரத்தம் எங்கே கசிகிறது என்ற தேடல், இரண்டாவதற்கு முதலில் அடிப்படை நோயைக் கவனிப்பது. அப்புறம், படிக்கும்போது நோயின் பெயரை மறைத்துவிட்டு ஃபெரிட்டினிலிருந்து பின்னோக்கிப் போங்கள். கேள்வியும் பெரும்பாலும் அப்படித்தான் வரும்.