எஸ்டிமேட் 82,000, பில் 1,34,600: எதைக் கேட்பது, யாரிடம் கேட்பது?

கேள்வி: அம்மாவுக்குப் பாலக்காட்டில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பித்தப்பைக் கல்லுக்கு லேப்ராஸ்கோபி ஆபரேஷன் ஆனது. பேக்கேஜ் 82,000 என்று எழுதிக் கொடுத்தவர்கள் டிஸ்சார்ஜ் அன்று 1,34,600 கேட்டார்கள், நான் கட்டிவிட்டேன். பில் ஒரே பக்கம்தான்: பேக்கேஜ் 82,000, கூடுதல் ரூம் 2 நாள் 5,200, ஐசியூ 1 நாள் 9,000, மயக்க மருந்து டாக்டர் 7,500, லேப் 6,500, மருந்து மற்றும் கன்ஸ்யூமபிள்ஸ் 24,400. அம்மா இருப்பது கொழிஞ்சாம்பாறை, நான் பொள்ளாச்சி. கட்டிய பிறகு கேட்க முடியுமா?

பதில்: தாராளமாகக் கேட்கலாம். பணம் கட்டியதால் கணக்கை ஒப்புக்கொண்டதாக ஆகாது. ஆனால் "ஏன் இவ்வளவு அதிகம்?" என்று மொத்தமாகக் கேட்டால், "பேஷண்ட் கண்டிஷன் மாறிடுச்சு" என்று மொத்தமாக ஒரு பதில் சொல்லி அனுப்பிவிடுவார்கள். கூடியிருக்கும் 52,600-ஐ வரி வரியாகப் பிரித்துக் கேளுங்கள்.

முதலில் எஸ்டிமேட் தாளைத் தேடி எடுங்கள். அதில் தொகையைவிட முக்கியம், கீழே சின்ன எழுத்தில் இருக்கும் "இதில் அடங்குபவை, அடங்காதவை" பகுதி. ஆபரேஷன் பேக்கேஜில் சர்ஜன், மயக்க மருந்து டாக்டர், தியேட்டர் வாடகை, குறிப்பிட்ட நாள் ரூம், வழக்கமான மருந்து எல்லாம் சேர்ந்திருப்பதுதான் பொதுவான வழக்கம். உங்கள் தாளிலும் மயக்க மருந்து டாக்டர் "அடங்குபவை"யில் இருந்தால், அந்த 7,500 இரண்டாம் முறை வாங்கிய பணம். இதில் வாதாட ஒன்றுமில்லை, திருப்பிக் கேட்க வேண்டியதுதான்.

ரூமும் ஐசியூவும் வேறு மாதிரி. ஆபரேஷனுக்குப் பிறகு காய்ச்சலோ ரத்த அழுத்தக் குறைவோ வந்து இரண்டு நாள் கூடுதலாக வைத்திருந்தால் அது நியாயமான செலவு, அதைப் பிடித்துக்கொண்டு சண்டை போட வேண்டாம். ஆனால் காரணம் டிஸ்சார்ஜ் சம்மரியில் இருக்க வேண்டும். ஐசியூ பற்றி ஒரு வரிகூட இல்லாமல் பில்லில் மட்டும் ஒரு நாள் ஐசியூ இருந்தால், ஆபரேஷன் முடிந்து சில மணி நேரம் கண்காணிப்பில் வைத்ததையே ஐசியூ நாளாகப் போட்டிருக்கிறார்களா என்று கேளுங்கள். ஐசியூவில் இருந்த அதே நாளுக்கு ரூம் வாடகையும் ஓடியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். லேபில் பார்க்க வேண்டியது ஒன்றுதான். அட்மிஷனுக்கு முன்பே எடுத்துப் பணம் கட்டிய டெஸ்ட், அதே தேதியில் மறுபடி வந்திருக்கிறதா?

பெரிய விஷயம் அந்த 24,400. ஒரே வரியில் இவ்வளவு தொகையை எழுதினால் யாராலும் சரிபார்க்க முடியாது. ஃபார்மஸியின் விவரப் பில்லில் தேதி, மருந்தின் பெயர், பேட்ச் எண், எண்ணிக்கை, விலை எல்லாம் இருக்கும். கூடவே கேஸ் ஷீட்டில் இருக்கும் மருந்துச் சார்ட்டையும் வாங்குங்கள், நர்ஸ் எந்த மணிக்கு எந்த ஊசி போட்டார் என்று கையெழுத்துப் போட்டு வைக்கும் தாள் அது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உதாரணத்துக்கு, ஒரு ஆன்டிபயாடிக் ஊசி காலை, இரவு என்று நான்கு நாள் போட்டதாகச் சார்ட்டில் இருந்தால் 8 குப்பி போதும். பில்லில் 14 இருந்தால் மீதி 6 எங்கே? பெரும்பாலும் இது திட்டமிட்ட மோசடியாக இருக்காது. வார்டில் இருந்து மொத்தமாக மருந்து எழுதி வாங்குவார்கள், மிச்சத்தைத் திருப்பி அனுப்பும்போது ரிட்டர்ன் போடாமல் விட்டுவிடுவார்கள், அல்லது டிஸ்சார்ஜ் பில் அடித்த பிறகு ரிட்டர்ன் போடுவார்கள், அந்தப் பணம் உங்கள் கணக்கில் குறையவே குறையாது. அதனால் "ரிட்டர்ன் விவரம்" என்று தனியாகக் கேட்க வேண்டும், கேட்காவிட்டால் தானாக வராது.

தியேட்டர் பொருட்களில் இன்னும் கவனம் தேவை. லேப்ராஸ்கோபியில் வயிற்றில் துளை போடும் டிராக்கார் என்ற குழாய், கழுவி மறுபடி பயன்படுத்தும் வகையிலும் உண்டு, ஒரு முறை மட்டும் பயன்படுத்தும் வகையிலும் உண்டு. இரண்டாவது வகைக்குப் பணம் வாங்கியிருந்தால் எத்தனை, எந்த பேட்ச் என்று கேளுங்கள், ஆபரேஷன் குறிப்பின் நகலோடு ஒப்பிடுங்கள். எந்தப் பொருளாக இருந்தாலும் உறையில் அச்சிட்ட எம்ஆர்பிக்கு மேல் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது.

சரி, கடிதம். பில்லிங் கவுண்டரில் வாயால் கேட்டது கணக்கில் வராது. மெடிக்கல் சூப்பரின்டென்டென்ட் பெயருக்கு இமெயிலிலும் ஸ்பீட் போஸ்ட்டிலும் அனுப்புங்கள். ஆங்கிலத்தில் எழுதினால் கோப்பு சீக்கிரம் நகரும், மலையாளம் தெரியாதது இங்கே ஒரு குறையே இல்லை. இவ்வளவு போதும்:

"ஐபி எண் இது, அட்மிஷன், டிஸ்சார்ஜ் தேதிகள் இவை. எஸ்டிமேட் 82,000, வசூலித்தது 1,34,600. கூடுதல் 52,600-க்கு நாள்வாரி விவரப் பில், ஃபார்மஸி பில், ரிட்டர்ன் விவரம், கேஸ் ஷீட் நகல் வேண்டும். மயக்க மருந்துக் கட்டணம் எஸ்டிமேட்டில் அடங்கியிருக்கிறது, தனியாக வாங்கியதற்குக் காரணம் தெரிவிக்கவும். பில்லை மறுபரிசீலனை செய்து 7 நாட்களுக்குள் எழுத்தில் பதில் தரவும்."

ஐபி எண் உங்கள் பில்லின் மேலேயே இருக்கும். மயக்க மருந்து வரியை, தாளில் உண்மையிலேயே அப்படி இருந்தால் மட்டும் எழுதுங்கள். கேஸ் ஷீட் கேட்கும் கடிதத்தில் அம்மாவின் கையெழுத்து இருக்கட்டும், "பேஷண்ட்தான் கேட்கணும்" என்று திருப்பி அனுப்ப அப்புறம் வழியிருக்காது. நகலுக்குக் கட்டணம் கேட்டால் கட்டிவிடுங்கள். மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு நடத்தை விதிகளின்படி, பேஷண்ட் கேட்ட 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவுகளைத் தர வேண்டும்.

பதில் வராவிட்டால் எந்த மாநிலத்துக்குப் போவது? எல்லையில் இருப்பவர்கள் குழம்பும் இடம் இது. ஆஸ்பத்திரி பாலக்காட்டில் இருப்பதால் அதற்குப் பொருந்துவது கேரளத்தின் 2018-ஆம் ஆண்டு கிளினிக்கல் எஸ்டாப்ளிஷ்மென்ட்ஸ் சட்டம். கட்டணத்தையும் பேக்கேஜ் விலையையும் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் பார்வைக்கு வைக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. ஆகவே கடிதத்தோடு அந்தக் கட்டணப் பலகையையும் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு, பாலக்காடு மாவட்ட மருத்துவ அதிகாரியான டி.எம்.ஓ.வின் அலுவலகத்தில் புகார் கொடுங்கள். கோவை கலெக்டரிடம் மனு கொடுத்தால் காலம்தான் போகும்.

பணம் திரும்ப வேண்டும் என்றால் நுகர்வோர் ஆணையம். 2019 சட்டத்தில் உங்களுக்கு வசதியான ஒரு மாற்றம் இருக்கிறது: புகார் கொடுப்பவர் வசிக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். பணம் கட்டிய ரசீது உங்கள் பெயரில் இருந்தால் கோவை மாவட்ட ஆணையத்திலேயே போடலாம், பாலக்காட்டுக்கு அலைய வேண்டாம். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்து பாருங்கள், பல ஆஸ்பத்திரிகள் அந்தக் கட்டத்திலேயே பேச வந்துவிடும்.

அப்படிப் பேச வரும்போது "பத்தாயிரம் டிஸ்கவுண்ட் தர்றோம், இதில் கையெழுத்துப் போடுங்க" என்று ஒரு தாளை நீட்டுவார்கள். "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற வரி அதில் இருந்தால், விவரப் பில் கைக்கு வந்து, கூட்டிப் பார்க்கும் வரை கையெழுத்துப் போடாதீர்கள்.