முள் இருந்தால் கொட்டுமா? ஒரே செடியில் இரண்டு பச்சைப் புழுக்கள்

கேள்வி: தோட்டத்து ஆமணக்குச் செடியில் இரண்டு பச்சைப் புழுக்களைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். இரண்டிலுமே முள் இருக்கிறது. எது கொட்டும்? எது வண்ணத்துப்பூச்சியாக மாறும்? சின்னப் பிள்ளைகள் அந்தப் பக்கம் விளையாடுவார்கள், அதனால்தான் கேட்கிறேன்.

பதில்: முதல் படத்தில் இருப்பது ஆமணக்கு வண்ணத்துப்பூச்சியின் புழு. அது கொட்டாது. இரண்டாவது படத்தில் இருப்பது நத்தைப்புழு, அறிவியல் பெயர் பராசா லெபிடா. கொட்டுவது அதுதான், நன்றாகவே கொட்டும்.

முள்ளை வைத்து இவற்றைப் பிரிக்கப் பார்த்தால் குழம்பிப்போவீர்கள். தலையையும் காலையும் பாருங்கள். முதல் புழுவின் உடல் நீளமாக, உருளையாக இருக்கிறது. முன்னால் தலை தனியாகத் தெரிகிறது, அதில் கிளை விட்ட இரண்டு கொம்புகள் நிற்கின்றன. படத்தைப் பெரிதாக்கினால் வயிற்றுக்கு அடியில் குட்டையான கால்கள் இலையைப் பற்றியிருப்பதும் தெரியும். உடல் முழுக்க முள் இருந்தாலும் அதில் விஷம் கிடையாது.

இரண்டாவதில் தலை எங்கே என்று தேடிப் பாருங்கள், கிடைக்காது. உடலுக்கு அடியில் இழுத்து வைத்துக்கொண்டிருக்கும். காலும் கண்ணில் படாது; தட்டையான அடிப்பகுதி இலையோடு ஒட்டியபடி நத்தை போல வழுக்கிக்கொண்டு நகரும். குட்டையான, தடித்த உடல். முதுகில் நீள வாக்கில் நீலக்கோடு. ஓரங்களில் வரிசையாகச் சதைக் குமிழ்கள், ஒவ்வொன்றின் மேலும் ஒரு கொத்து முள். அந்த முட்கள் உள்ளே குழாய் போன்றவை, அடியில் விஷச் சுரப்பி இருக்கிறது. தோலில் பட்டதும் நுனி ஒடிந்து விஷம் உள்ளே இறங்கிவிடும்.

ஒரு முறை காய்ந்த இலையைக் கிள்ளுவதற்காக, அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்காமலே கையை விட்டேன். நெருப்புப் பட்டது போல ஒரு சுரீர். புறங்கையில் முள் பட்ட இடமெல்லாம் வரிசையாகச் சிவந்து தடித்துவிட்டது. இவை பெரும்பாலும் இலையின் அடிப்பக்கத்தில்தான் இருக்கும். குஞ்சுப் புழுக்கள் கூட்டமாகச் சேர்ந்து இலையின் அடிப்பக்கத்தைச் சுரண்டித் தின்னும். அதனால் இலையில் சல்லடை போல வெளுத்த திட்டு தெரிந்தால், தொடுவதற்கு முன் இலையை ஒரு குச்சியால் திருப்பிப் பாருங்கள்.

பட்டுவிட்டால் தேய்க்கவே கூடாது. தேய்த்தால் ஒடிந்த முள் இன்னும் ஆழமாகப் போகும். ஒட்டும் டேப்பை அந்த இடத்தில் ஒட்டி உரித்தெடுங்கள். புது டேப்பாக மாற்றி மாற்றி இரண்டு மூன்று தடவை செய்யலாம். அப்புறம் சோப்புப் போட்டுக் கழுவி, துணியில் சுற்றிய ஐஸை வையுங்கள். கண்ணில் பட்டாலோ, மூச்சுத் திணறினாலோ, முகம் வீங்கினாலோ வீட்டு வைத்தியம் வேண்டாம், உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

சரி, இவை என்னவாக மாறும்? முதல் புழு தலைகீழாகத் தொங்கிக் கூட்டுப்புழுவாகி, ஏறக்குறைய ஒரு வாரத்தில் ஆரஞ்சு கலந்த பழுப்பு நிற வண்ணத்துப்பூச்சியாக வெளிவரும். இறக்கையில் அலை அலையாகக் கருங்கோடுகள் இருக்கும், வெயிலில் இறக்கையை விரித்து உட்காரும். நத்தைப்புழு தண்டில் அல்லது கிளையில் ஒட்டி, விதை போலக் கெட்டியான பழுப்புக் கூடு கட்டும். அதிலிருந்து வருவது இரவில் பறக்கும் அந்துப்பூச்சி: இளம்பச்சை இறக்கை, ஓரத்தில் அகலமான பழுப்புப் பட்டை. அந்துப்பூச்சி கொட்டாது. ஆனால் கூட்டில் புழுவின் முட்கள் ஒட்டியிருக்கும், அதைக் கையால் சுரண்டாதீர்கள். பிள்ளைகள் விதை என்று நினைத்துப் பிய்த்துவிடக் கூடும், இதை அவர்களிடம் காட்டியே சொல்லுங்கள்.

நத்தைப்புழு உள்ள இலைகளை மட்டும் கையுறை போட்டுக் காம்போடு வெட்டி சோப்புத் தண்ணீரில் போடுங்கள். மருந்து தெளித்தால் மற்ற புழுவும் சேர்ந்து சாகும். எனக்கு அதில் மனமில்லை.

அடுத்த முறை மேலிருந்து ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம் எடுங்கள். பக்கவாட்டுப் படத்தில்தான் தலையும் காலும் தெரியும். எந்தச் செடி என்பதையும் எழுதுங்கள். நிறைய புழுக்களுக்குக் குறிப்பிட்ட சில செடிகள்தான் உணவு, பாதி விடை அதிலேயே கிடைத்துவிடும். உடல் முழுக்க மெல்லிய மயிர் அடர்ந்த கம்பளிப்பூச்சியாக இருந்தால் பெயர் தெரியும்வரை தொட வேண்டாம். சிலவற்றின் உதிர்ந்த மயிரும் உரித்த தோலும்கூட அரிக்கும்.