எண்ணெய் பாக்கெட், கேன், டின்: எதில் கிலோ விலை குறைவு?

"அக்கா, நாங்கள் பெங்களூரு அல்சூரில் இருக்கிறோம். வீட்டில் நாலு பேர், மாதம் மூன்று லிட்டர் சூரியகாந்தி எண்ணெய் ஆகிறது. ஒரே பிராண்டுக்கு நாலு விலை எழுதி வைத்திருக்கிறேன். தெருமுனைக் கடையில் 1 லிட்டர் பாக்கெட் 158 ரூபாய், சூப்பர் மார்க்கெட்டில் 5 லிட்டர் கேன் 815, போன் ஆப்பில் 870 கிராம் பாக்கெட் 153, யஷ்வந்த்பூர் மொத்தக் கடையில் 15 கிலோ டின் 2,520. ஆப்பில் இருப்பதுதான் மலிவு என்று எனக்குத் தோன்றுகிறது. வீட்டுக்காரரோ, பெரிய கேனாக வாங்கினால் குறையும் என்கிறார். யார் சொல்வது சரி?"

ரெண்டு பேர் சொல்வதும் சரியில்லை. நாலு விலையை நீங்கள் எழுதி வைத்ததே பெரிய விஷயம், ஆனால் அதில் இரண்டு விலை லிட்டர் கணக்கில் இருக்கிறது, மற்ற இரண்டும் எடைக் கணக்கில் இருக்கிறது. அதை ஒரே அளவுக்குக் கொண்டுவராமல் எதையும் எதோடும் ஒப்பிட முடியாது.

எண்ணெய் தண்ணீரை விட லேசானது, அதனால்தான் தண்ணீரில் மிதக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. ஒரு லிட்டர் சமையல் எண்ணெய் ஏறக்குறைய 910 கிராம்தான். உங்கள் லிட்டர் பாக்கெட்டின் பின்பக்கம் பாருங்கள், 1 லிட்டர் என்பதற்குப் பக்கத்திலேயே 910 கிராம் என்று போட்டிருக்கும். கடலை, சூரியகாந்தி, நல்லெண்ணெய் என்று எண்ணெய்க்கு எண்ணெய் சில கிராம் முன்னே பின்னே இருக்கும், வீட்டுக் கணக்குக்கு 910 போதும்.

இனி எல்லாவற்றையும் கிலோவுக்கு மாற்றுவோம். கொடுக்கிற ரூபாயை கிராமால் வகுத்து ஆயிரத்தால் பெருக்க வேண்டும், அவ்வளவுதான். தெருமுனைக் கடை பாக்கெட்: 158-ஐ 910-ஆல் வகுத்து ஆயிரத்தால் பெருக்கினால் கிலோ 173 ரூபாய் 60 காசு. 5 லிட்டர் கேனில் இருப்பது 4,550 கிராம், 815 ரூபாய்க்கு கிலோ 179 ரூபாய் 10 காசு வருகிறது. ஆப்பில் 870 கிராம் 153 ரூபாய் என்றால் கிலோ 175 ரூபாய் 90 காசு. டின் 2,520-ஐ 15-ஆல் வகுத்தால் நேராக 168.

இப்போது பாருங்கள். ஐந்து ரூபாய் குறைவு என்று நீங்கள் நினைத்த ஆப் பாக்கெட், கிலோவுக்கு இரண்டு ரூபாய்க்கு மேல் கூடுதல். காரணம் அதில் 40 கிராம் கம்மி. பாக்கெட் உயரமும் அகலமும் லிட்டர் பாக்கெட் மாதிரியே இருக்கும், ரெண்டையும் பக்கத்தில் வைத்தால்கூட எனக்கே வித்தியாசம் தெரியாது. முன்னெல்லாம் சமையல் எண்ணெயை இந்த இந்த அளவில்தான் அடைக்கலாம் என்று பொட்டலப் பொருட்களுக்கான சட்டமுறை எடையளவு விதிகளில் ஒரு பட்டியல் இருந்தது. 2021-ல் விதியைத் திருத்தி அந்தப் பட்டியலை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பதிலாக கிராமுக்கு அல்லது கிலோவுக்கு இவ்வளவு என்று அலகு விலையை அச்சிட வேண்டும் என்று சேர்த்தார்கள். 870, 850, 840 என்று கடைத் தட்டில் விதவிதமாக நிற்பது அதற்கப்புறம்தான் பெருகியது.

வீட்டுக்காரர் சொன்ன கேன்தான் நாலிலும் விலை கூடியது. கனமான பிளாஸ்டிக், பிடி, மூடி எல்லாவற்றுக்கும் நீங்கள்தான் பணம் தருகிறீர்கள். அதோடு, போட்டியில் கடைக்காரர்கள் முதலில் விலை குறைப்பது லிட்டர் பாக்கெட்டில்தான், ஏனென்றால் ஜனங்களுக்கு மனப்பாடமாக இருப்பது அந்த ஒரு விலைதான். அரிசி, பருப்பில் பெரிய பை பெரும்பாலும் மலிவாக வரும். எண்ணெயில் அதை நம்பி வாங்காதீர்கள், ஒவ்வொரு தடவையும் வகுத்துப் பாருங்கள்.

பாக்கெட் மேலேயே அலகு விலை அச்சிட்டிருக்கிறதே, நாம் ஏன் வகுக்க வேண்டும் என்று கேட்பீர்கள். அதில் மூன்று சிக்கல். ஒன்று, அது எம்.ஆர்.பி.யை வைத்துப் போட்ட கணக்கு. கடைக்காரர் 175 ரூபாய் பாக்கெட்டை 158-க்குத் தருகிறபோது அச்சில் இருக்கிற விலைக்கும் நீங்கள் கொடுக்கிற காசுக்கும் சம்பந்தமில்லை. இரண்டு, ஒரு கிலோவுக்குக் கீழே இருந்தால் கிராமுக்கு, மேலே இருந்தால் கிலோவுக்கு; மில்லிக்கும் லிட்டருக்கும் அதே மாதிரி. ஆக ஆப் பாக்கெட்டில் கிராம் விலை, கேனில் லிட்டர் விலை, டின்னில் கிலோ விலை என்று மறுபடியும் வேறு வேறு அளவுதான். மூன்றாவதைத்தான் யாரும் கவனிப்பதில்லை. கிராம் விலையை இரண்டு தசம இடத்துக்கு முழுமையாக்கி அச்சிடுகிறார்கள். கிராம் 0.20 ரூபாய் என்று போட்டிருந்தால் உண்மை விலை 0.195-ஆகவும் இருக்கலாம், 0.204-ஆகவும் இருக்கலாம். கிலோவுக்கு மாற்றினால் 195-லிருந்து 204 வரை. நாம் அலசிக்கொண்டிருப்பதே இரண்டு, ஐந்து ரூபாய் வித்தியாசத்தை, அதில் ஒன்பது ரூபாய் அச்சுக்குள்ளேயே மறைந்துபோகிறது. அதனால் ஒரு கிலோவுக்குக் குறைவான பாக்கெட்டுகளில் அந்த எண்ணை விட்டுவிட்டு நிகர எடையையும் நீங்கள் கட்டும் பணத்தையும் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கிலோவை அடிப்படையாக வைத்துக்கொள்ளச் சொல்வதற்கும் காரணம் இருக்கிறது. எண்ணெய் சூட்டில் விரியும், எடை மாறாது. சோயா எண்ணெயை 21 டிகிரியில் அளந்தால் ஒரு லிட்டர் 919 கிராம் இருக்கும், 60 டிகிரியில் அளந்தால் 892.6 கிராம்தான். அதிக வெப்பநிலையைக் குறிப்பிட்டு லிட்டர் போட்டவர்கள் இருந்ததால், 2022-ல் மத்திய அரசு, வெப்பநிலை போடாமல் அளவையும் கூடவே எடையையும் அச்சிடுங்கள் என்று எண்ணெய் நிறுவனங்களுக்குச் சொன்னது. லிட்டர் பாக்கெட் வாங்கும்போதும் பின்னால் இருக்கிற கிராமைப் படியுங்கள். 910-க்குப் பதில் 900-க்குக் கீழே இருந்தால் அந்த எண்ணை வைத்தே வகுங்கள்.

சரி, டின்னுக்கு வருவோம், உங்கள் பட்டியலில் உண்மையிலேயே விலை குறைந்தது அதுதான். 168-ஐப் பார்த்து லிட்டர் 158-ஐ விடக் கூடுதல் என்று நீங்கள் ஒதுக்கியிருப்பீர்கள். அது கிலோ விலை. 15 கிலோ டின்னில் கிட்டத்தட்ட பதினாறரை லிட்டர் இருக்கிறது, லிட்டருக்கு 153 ரூபாய்க்குள் அடங்கிவிடுகிறது. ஆனால் இதில் ஒரு கண்ணி உண்டு. சந்தையில் 15 கிலோ டின்னும் இருக்கிறது, 15 லிட்டர் டின்னும் இருக்கிறது, பார்வைக்கு ரெண்டும் ஒன்றுதான். நான் ஒரு பெண்கள் விடுதியின் சமையல் கூடத்துக்குப் பல வருடம் சாமான் வாங்கிப் போட்டவள். ஒரு தடவை வழக்கமான கடையில் சரக்கு இல்லை என்று வேறு கடையில் டின் எடுத்தோம், எழுபது ரூபாய் குறைவு என்று சந்தோஷமாக இறக்கிவிட்டேன். மாதக் கடைசியில் எண்ணெய் சீக்கிரம் தீர்ந்துபோகவும், மாஸ்டர் யாரோ எடுக்கிறார்கள் என்று பையன்களைச் சத்தம் போட ஆரம்பித்தார். காலி டின்னைத் திருப்பிப் பார்த்தால் 15 லிட்டர். அதாவது 13 கிலோ 650 கிராம். டின்னுக்கு ஒன்றே கால் கிலோவுக்கு மேல் குறைவாக வாங்கியிருக்கிறோம், எழுபது ரூபாய் மிச்சத்துக்கு. பையன்களிடம் நான்தான் போய் மன்னிப்புக் கேட்டேன். அதிலிருந்து டின்னைத் தூக்குவதற்கு முன்னால் நிகர அளவு எந்த அலகில் இருக்கிறது என்று விரல் வைத்துப் படிக்காமல் பில் போட விட்டதில்லை.

உங்கள் வீட்டுக்கு டின் வேண்டாம் என்றே சொல்வேன். லிட்டர் பாக்கெட்டோடு ஒப்பிட்டால் கிலோவுக்கு ஐந்து ரூபாய் அறுபது காசு மிச்சம், டின் முழுக்கச் சேர்த்து 84 ரூபாய். அல்சூரிலிருந்து யஷ்வந்த்பூர் போய்வர ஆட்டோவுக்கு அதைவிடக் கூடுதலாக ஆகும். மாதம் மூன்று லிட்டர் என்றால் திறந்த டின் உங்கள் சமையலறையில் ஐந்தரை மாதம் உட்கார்ந்திருக்கும். ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் காற்று படும், கடைசி லிட்டர்கள் சிக்குவாடை அடிக்க ஆரம்பிக்கும், அதைக் கீழே கொட்டிவிட்டால் கணக்கே போச்சு. வீட்டுக்காரர் அந்தப் பக்கம் வேலைக்குப் போகிறவராக இருந்து, அக்கம்பக்கத்தில் மூன்று வீடு சேர்ந்து வாங்கின அன்றைக்கே பங்கு போட்டுக்கொள்கிறீர்கள் என்றால் வாங்கலாம்.

ஆப் விலையிலும் கடைசித் திரையில் வரும் மொத்தத்தைத்தான் பார்க்க வேண்டும். இரண்டு பாக்கெட் 306 ரூபாய், அதோடு கொண்டுவருகிற கட்டணம், கையாளும் கட்டணம் என்று 30 ரூபாய் சேர்ந்தால் 336. அதை 1,740 கிராமால் வகுத்தால் கிலோ 193 ரூபாய்! வேறு சாமான்களோடு சேர்த்து வாங்கி, கட்டணம் இல்லாமல் வந்தால் மட்டும் பாக்கெட் விலையை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

விலை அப்படியே இருக்க அளவு மட்டும் குறைவதும் உண்டு, நம் ஊர் நந்தினி பால் நல்ல உதாரணம். 2024 ஜூனில் நீலப் பாக்கெட்டில் 50 மில்லி சேர்த்து 550 மில்லி 24 ரூபாய் ஆக்கினார்கள். 2025 ஏப்ரலில் பால் விலை கூடியபோது பழையபடி 500 மில்லிக்குத் திரும்பினார்கள், பாக்கெட் விலை மட்டும் அதே 24. லிட்டர் 43 ரூபாய் 60 காசிலிருந்து 48-க்குப் போய்விட்டது. ஆனாலும் பாக்கெட்டுக்குக் கொடுக்கிற காசு அதே 24 என்பதால் கைக்கு எதுவும் தெரியாது. எண்ணெய் பாக்கெட்டிலும் போன மாதம் வாங்கின காலி உறையை ஒன்று எடுத்து வைத்துக்கொண்டால் இது உடனே பிடிபடும்.

எடை சந்தேகமாக இருந்தால் சமையலறைத் தராசில் முழு பாக்கெட்டை நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள், எண்ணெயை ஊற்றிய பிறகு காலி உறையை நிறுத்துக் கழியுங்கள். அரை கிலோ முதல் ஒரு கிலோ வரையான பொட்டலத்தில் 15 கிராம் வரை குறைவதை விதியே அனுமதிக்கிறது, அதற்கு மேல் குறைந்தால் சட்டமுறை எடையளவுத் துறையில் புகார் கொடுக்கலாம்.

ஆக இந்த மாதம் தெருமுனைக் கடையிலேயே லிட்டர் பாக்கெட் மூன்று வாங்குங்கள். அங்கே 158 நீடிக்கிற வரைக்கும் ஒரு சீட்டில் இதை எழுதி அலமாரிக் கதவில் ஒட்டிவிடுங்கள்: 870 கிராம் பாக்கெட் கட்டணமில்லாமல் 151 ரூபாய்க்குக் கீழே வந்தால் ஆப், 5 லிட்டர் கேன் 790-க்குக் கீழே வந்தால் சூப்பர் மார்க்கெட். தெருமுனைக் கடை விலை மாறினால் அந்தப் புது விலையை 0.956-ஆல் பெருக்கினால் 870 கிராமுக்கான எல்லை, ஐந்தால் பெருக்கினால் கேனுக்கான எல்லை.