காது குத்திய பிறகு: வாசகர் கேள்விகளுக்குத் தோல் மருத்துவரின் பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை காதைப் பற்றியவை. பதிலுக்குப் போகும் முன் ஒன்று. காது குத்தியதும் உள்ளே இருப்பது வெறும் காயம். இரு பக்கத்திலிருந்தும் தோல் உள்நோக்கி வளர்ந்து, நடுவில் சந்தித்து, துளையின் உட்சுவர் முழுக்கப் படர வேண்டும். மடலில் இதற்கு 6 முதல் 8 வாரம் ஆகும். கீழே வரும் பல பதில்களுக்கு இந்த உட்தோல்தான் அடிப்படை.

எட்டு மாதக் குழந்தைக்குக் குலதெய்வக் கோயிலில் காது குத்தினோம். ஒன்பது நாளில் வலது காது வீங்கிச் சீழ் வருகிறது. மாமியார் மஞ்சள்தூளைத் தேங்காயெண்ணெயில் குழைத்துப் போடுகிறார். தோட்டைக் கழற்றிவிடலாமா?

முதலில் தோட்டின் முன்பக்கமும் திருகாணியும் முழுசாக வெளியே தெரிகின்றனவா என்று பாருங்கள். இரண்டும் தெரிந்தால் கழற்ற வேண்டாம். கழற்றினால் வாய் மூடிக்கொள்ளும், சீழ் உள்ளேயே தங்கிக் கட்டியாகிவிடும். திருகாணி தோலுக்குள் புதைந்திருந்தால் கதை வேறு. அதை வீட்டில் இழுக்காதீர்கள். மரத்துப்போக ஊசி போட்டு, சிறிதாகக் கீறி எடுக்க வேண்டியிருக்கும்.

இப்படிப் புதைவதற்குக் காரணம் பெரும்பாலும் இறுக்கம்தான். கழன்று விழுந்துவிடுமோ என்ற பயத்தில் திருகாணியை மடலோடு ஒட்ட முடுக்கிவிடுகிறோம். குத்திய காது முதல் சில நாள் வீங்கும். அதற்கு இடம் இல்லையென்றால் தோல் உலோகத்தின் மேலேயே ஏறிவிடும். மடலுக்கும் திருகாணிக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

மஞ்சளை நிறுத்துங்கள். தூளும் எண்ணெயும் துளையில் பற்றாகக் காய்ந்து சீழை வெளியே விடாது. ஸ்பிரிட்டும் டெட்டாலும் புதிதாக வளரும் தோலை எரித்துவிடும், அவையும் வேண்டாம். மருந்துக்கடையில் கிடைக்கும் நார்மல் சலைனில் பஞ்சை நனைத்து, பொருக்கு ஊறும்வரை வைத்துத் துடையுங்கள். காலையும் மாலையும் செய்தால் போதும். சலைன் இல்லையென்றால் கொதித்து ஆறிய ஒரு டம்ளர் நீரில் (சுமார் 250 மில்லி) கால் டீஸ்பூன் உப்பு. தோட்டைச் சுழற்றிவிடச் சொல்வார்கள், செய்யாதீர்கள். ஒவ்வொரு முறை சுழற்றும்போதும் உள்ளே வளர்ந்த மெல்லிய தோல் கிழிகிறது.

சீழ் வருவதால் குழந்தையை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். பெரும்பாலும் முபிரோசின் களிம்பே போதுமானதாக இருக்கும். காய்ச்சல் வந்தாலோ, சிவப்பு கன்னத்துக்கோ காதுக்குப் பின்னாலோ பரவினாலோ அன்றைக்கே போக வேண்டும். இனிமேல் காது குத்தப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: 6, 10, 14-ஆம் வாரத் தடுப்பூசிகள் முடிந்த பிறகு, புது ஊசியால் குத்துங்கள்.

கல்லூரி மாணவி நான். காதின் மேல்பகுதியில் குத்தி மூன்று வாரம் ஆகிறது. மேல் காது முழுக்கச் சிவந்து, தொட்டாலே உயிர் போகிறது.

இதைப் படித்ததும் கிளம்புங்கள். மேல் காதில் இருப்பது குருத்தெலும்பு. அதற்கென்று தனியாக ரத்தக்குழாய் கிடையாது, மேலே மூடிய உறையிலிருந்துதான் ஊட்டம் வாங்குகிறது. நடுவில் சீழ் சேர்ந்தால் ஊட்டம் அறுந்து குருத்தெலும்பு கரையும், காது சுருங்கிப் போகும். அது பழைய வடிவத்துக்குத் தானாகத் திரும்பாது. இங்கே சூடோமோனாஸ் என்ற கிருமி அடிக்கடி வரும், கையில் கிடைக்கும் ஆன்டிபயாடிக் எல்லாம் அதற்கு வேலை செய்யாது. காது மூக்கு தொண்டை மருத்துவரை இன்றே பாருங்கள்.

கவரிங் கம்மல் போட்டால் இரண்டு காதும் அரித்து நீர் வடிகிறது. தங்கம் போட்டால் சரியாகிவிடுகிறது. இது கிருமியா?

இல்லை, நிக்கல் ஒவ்வாமை. கிருமி என்றால் வலியும் சூடும் முன்னால் நிற்கும், பெரும்பாலும் ஒரு காதில்தான் வரும். உங்களுக்கு அரிப்பு, அதுவும் இரு பக்கமும். இது வந்தால் வாழ்நாள் முழுக்க இருக்கும், ஆகவே கவரிங்கை விடுங்கள். டைட்டானியம் ஒத்துக்கொள்ளும்.

அம்மாவுக்கு 52 வயது. துளை நீண்டு, அடியில் நூலளவு சதைதான் மிச்சம். பார்லரில் தைக்காமலேயே மருந்து வைத்து ஒட்டுகிறார்களாம். செய்யலாமா?

நீண்ட துளையின் உட்சுவர் முழுக்கத் தோல். தோலும் தோலும் எத்தனை நாள் சேர்ந்திருந்தாலும் ஒட்டாது, இரு விரல்களை ஒட்டிக் கட்டிவைத்தால் ஒன்றாகிவிடாததைப் போல. அந்த உட்தோலை நீக்கிப் பச்சைக் காயமாக்கினால்தான் இரு ஓரமும் சேரும். பார்லர் மருந்து பெரும்பாலும் அமிலம், அது உட்தோலை எரிக்கிறது. எரிவது எங்கே நிற்கும் என்று அங்கே யாருக்கும் கணக்கில்லை. மடல் வெந்து தழும்பேறி வந்தவர்களைப் பார்க்கிறேன், அதனால்தான் வேண்டாம் என்று அழுத்திச் சொல்கிறேன்.

தையல் சிறிய வேலைதான். மடலில் மட்டும் மரப்பு ஊசி போட்டு, துளையைச் சுற்றிய தோலை வெட்டியெடுத்து, முன்னும் பின்னும் தைப்போம். முக்கால் மணி நேரத்துக்குள் முடிந்து அன்றே வீட்டுக்குப் போகலாம். முழுக்க அறுந்த காதில் நேர்கோடாகத் தைத்தால் தழும்பு சுருங்கும்போது அடியில் சின்னப் பள்ளம் விழக்கூடும், அதனால் கோட்டை வளைத்துத் தைப்பது உண்டு. உங்கள் அம்மாவுக்கு அடி ஓரம் இன்னும் இருக்கிறது, அறுவதற்கு முன் செய்துகொள்வது எளிது. சர்க்கரையோ, ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையோ இருந்தால் முன்பே சொல்லுங்கள்.

7 முதல் 10 நாளில் தையல் பிரிப்போம். மூன்று மாதம் எதுவும் போடக்கூடாது. பிறகு தழும்பின் மேல் குத்தாமல் சற்றுத் தள்ளிக் குத்த வேண்டும், தழும்புக்குப் பழைய தோலின் வலு வராது. ஜிமிக்கி போடும் நாளில் மாட்டல் போட்டு எடையைத் தலைமுடிக்கு மாற்றுங்கள். தூங்கப் போகும்போது கழற்றிவிடுங்கள்.

தென்மாவட்டங்களில் பாம்படம் போட்ட பாட்டிமார் பலர் பிற்காலத்தில் காதை வெட்டித் தைத்துக்கொண்டார்கள். அவர்களுக்குச் சதை மிச்சம் இருந்தது. நம் தலைமுறைக்குக் கிழிவது கனமான நகையால், மிச்சமாகச் சதை இருப்பதில்லை.

எனக்கு 24 வயது. இரண்டாவது துளை குத்திய ஐந்தாம் மாதம் காதின் பின்னால் கட்டி வந்தது. ஒரு கிளினிக்கில் வெட்டியெடுத்தார்கள். எட்டு மாதத்தில் முன்பைவிடப் பெரிதாக வந்துவிட்டது. ஏன்?

இது கீலாய்டு. சாதாரணத் தழும்பு காயத்தின் எல்லைக்குள் நிற்கும், இது எல்லை தாண்டி வளரும். கட்டியாகவும் அரிப்பாகவும் இருக்கும். வெட்டுவதே இன்னொரு காயம், ஆகவே வெறுமனே வெட்டினால் பாதிப்பேருக்காவது திரும்ப வரும். உங்களுக்கு விட்டுப்போனது வெட்டிய பிறகான சிகிச்சை.

நான் செய்வது இப்படி. முதலில் டிரையம்சினலோன் என்ற ஸ்டீராய்டை மாதம் ஒரு முறை கட்டிக்குள்ளேயே ஊசியாகப் போடுவேன். வலிக்கும், மரப்பு மருந்து கலந்தால் குறையும். சில ஊசிகளில் அரிப்பு அடங்கி, கட்டி மெத்தென்று ஆகும். சிறியதென்றால் அதோடு முடியும். பெரிதாகவே நின்றால் வெட்டிவிட்டு, தையல் பிரிக்கும்போதும் அடுத்த சில மாதங்களும் அதே ஊசி. புண் ஆறியதும் அழுத்தக் கிளிப், நாளுக்கு 12 மணி நேரமாவது, குறைந்தது ஆறு மாதம். மடல் நீலம் பாய்ந்தாலோ வலித்தாலோ கிளிப் அதிக இறுக்கம் என்று அர்த்தம். அவ்வளவுக்கும் அடங்காதவர்களுக்கு வெட்டிய ஓரிரு நாளில் குறைந்த அளவு கதிர்வீச்சு உண்டு. ஊசி போட்ட இடம் வெளுக்கவோ மெலியவோ கூடும். இரண்டு வருடமாவது வந்து காட்ட வேண்டும்.

அதே வாசகியின் அடுத்த கேள்வி: என் மகளுக்குக் காது குத்தலாமா?

உங்கள் உடல்வாகு அவளுக்கும் இருக்கலாம். குத்தாமல் விடுவதுதான் பத்திரம். வீட்டு வழக்கத்துக்காகக் குத்தியே ஆக வேண்டுமென்றால், சிறு வயதிலேயே மடலில் ஒரே துளை. 11 வயதுக்கு மேல் குத்தியவர்களுக்கே கீலாய்டு அதிகம் வருகிறது. மேல் காதும் இரண்டாவது துளையும் வேண்டாம். குத்திய முதல் ஒரு வருடம் மாதம் ஒரு முறை மடலின் பின்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். தடிப்போ அரிப்போ இருந்தால் மிளகளவு இருக்கும்போதே கூட்டிவாருங்கள், அந்த அளவில் ஊசியே போதும்.